பட்டியலில் இல்லாத கேமரா

சின்னப் படங்கள் எடுக்கிற கூட்டத்தில் அவளுக்கு வைத்த பெயர் "என்னாகும் அக்கா". வைத்தவர்கள் கேலிக்காக வைத்தார்கள். அவளோ விசிட்டிங் கார்டில் போடாத குறையாக அதை ஏற்றுக்கொண்டாள். ஏணியில் ஒருவன் ஏறினால், "இது சறுக்கினா என்னாகும்?" என்று கேட்பாள். ஜன்னல் திரையோரம் விளக்கை வைத்தால், "இது பத்திக்கிச்சுன்னா என்னாகும்?" என்பாள். டீ கொண்டு வருகிறவர்கூட அவள் இருக்கிற பக்கம் வந்தால் டம்ளரைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

அவளுடைய வேலை தயாரிப்பு நிர்வாகம். நூறு பேர் வேலை செய்கிற பெரிய படங்களில் இல்லை. எட்டுப் பேர், ஒரு வேன், இரவல் வாங்கிய கேமரா, யாரோ மனசு வைத்துத் திறந்துவிட்ட வீடு, இவ்வளவுதான் அவளுடைய சாம்ராஜ்யம். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவில் டைப் அடித்தாள். நனைந்த குடோன், நசுங்கிய லாரி, எரிந்த தையல் மெஷின் எல்லாம் அவளுடைய விரல் வழியாகத்தான் கடிதமாகிப் போயின. "தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். அந்த வரியை வாசிக்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவளுக்குப் பழகவே இல்லை. அந்த முகங்களில் ஒன்றாகத் தான் ஆகிவிடக் கூடாது என்கிற பயம்தான் அவளை இப்படிக் கேள்வி கேட்க வைத்தது.

இந்தத் தடவை படம் இருபது நிமிஷப் படம். இரண்டு நாள் வேலை. டைரக்டர் முப்பது வயதுப் பெண், வீட்டுக் கடனைப் பற்றிப் படம் எடுக்கிறாள், கதைக்கு ஒரு மாடி வீடு வேண்டும். வீடு கிடைத்தது. வீட்டுக்கார ஐயா ஓய்வுபெற்ற ரிஜிஸ்டிரார் ஆபீஸ் அதிகாரி. ஆயுசு முழுக்க அடுத்தவன் பத்திரத்தைப் படித்தவர், தன் வீட்டுக்கு வருகிற பத்திரத்தை விட்டுவிடுவாரா?

"நீங்க படம் எடுங்க, எனக்குச் சந்தோஷம்தான். ஆனா உங்க ஆளு ஒருத்தர் என் மாடிப்படில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா, அவரு கேஸ் யார் மேல போடுவாரு?" என்று கேட்டார்.

என்னாகும் அக்காவுக்கு அவரை அப்படியே கும்பிட்டுவிடலாம் போலிருந்தது. பதினைந்து வருஷமாக அவள் கேட்கிற கேள்வியைக் கேட்க இன்னொரு மனிதர் கிடைத்திருக்கிறார்.

உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். அவருடைய வீட்டு பாலிசி குடியிருக்கிறதற்காக எடுத்தது. உள்ளே ஷூட்டிங் நடக்கும்போது ஏதாவது ஆனால் அவர்கள் கையை விரித்துவிடலாம். அதனால் படக்குழு தனியாக பாலிசி எடுக்கும். வெளியாளுக்கு அடிபட்டால் ஒரு பிரிவு, குழு ஆளுக்கு அடிபட்டால் ஒரு பிரிவு. வெளியாளுக்கான பிரிவு நம் கையில் இருக்கிற பொருளுக்கும் இடத்துக்கும் பணம் தராது, அதனால் வீட்டுச் சேதத்துக்குத் தனியாக ஒன்று, இரவல் கேமராக்களுக்குத் தனியாக ஒன்று. சான்றிதழில் ஐயாவின் பெயரும் ஏறும், அவர் மேல் கேஸ் வந்தால் கம்பெனி அவருக்காகவும் பதில் சொல்லும்.

"பேரு ஏறின பேப்பர் கைக்கு வந்தப்புறம் சாவி" என்றார் ஐயா.

"அதுக்கு முன்னாடி நீங்க தந்தாலும் நான் வாங்க மாட்டேன் சார்" என்றாள் அவள்.

கேமரா இரண்டு. இரண்டும் ஒரே மாடல். ஒன்று, ஓய்வு நேரத்தில் பறவைகளைப் படம் பிடிக்கிற ஒரு டாக்டருடையது. இன்னொன்று அவளுடைய தங்கை வீட்டுக்காரருடையது. அவர் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர். அக்கா அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். நல்ல மனிதர், கொஞ்சம் வாய்ச்சொல் அதிகம். இரண்டு கேமராவின் சீரியல் நம்பரும், புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதுவும் எழுதிக் கேட்டு வாங்கினாள். ஏஜென்ட்டுக்கு அனுப்பினாள். பட்டியலில் ஏறிய நம்பருக்கு மட்டும்தான் இன்ஷூரன்ஸ் காப்பு. நம்பர் மாறினால் அது வேறு பொருள், ஊர் பேர் தெரியாத பொருள். பொருளைத் திருப்பித் தருகிற வரைக்கும் பொறுப்பு குழுவுடையது என்று இரண்டு பேருக்கும் இரவல் கடிதம் எழுதி, குழு சார்பில் அவளே கையெழுத்தும் போட்டாள்.

ஷூட்டிங் காலையில் டாக்டர் வந்தார். அக்கா அவருடைய கேமராவை ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிப் பார்க்கிற மாதிரி நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஆறு பக்கமும் போட்டோ. அடியில் இருக்கிற சீரியல் நம்பருக்கு ஒரு போட்டோ. ஒரு சின்னக் கீறல் இருந்ததையும் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினாள். டாக்டர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அடுத்து மாப்பிள்ளை வந்தார். வரும்போதே ஸ்டாண்டில் மாட்டுகிற தட்டைக் கேமராவின் அடியில் திருகிக் கொண்டு வந்தார். மூலையில் கறுப்புத் துணி டேப் ஒட்டி, வெள்ளை மையில் 1 என்று எழுதியிருந்தது. சீரியல் நம்பர் அந்தத் தட்டுக்கு அடியில் போயிருந்தது.

"எல்லாம் செட் பண்ணியே கொண்டு வந்துட்டேன் அக்கா. உங்களுக்கு நேரம் மிச்சம்."

தட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொந்தத் தங்கை புருஷன், இத்தனை பேர் நடுவில் நிற்க வைத்து, திருடனைச் சோதனை போடுகிற மாதிரி? போன வருஷம் தங்கை வீட்டு விசேஷத்தில் ஏதோ பேச்சுக்கு, "அக்கா எங்க வீட்டுக்கு வந்தாலும் இன்ஸ்பெக்ஷன்தான்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. படிவத்தில் "சரிபார்த்தேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அந்த ஒரு டிக்குக்குத்தான் அன்றைக்கு முழுக்க அனுபவித்தாள்.

பத்து மணி ஷாட்டில் கேமராமேன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஒண்ணாம் நம்பர்ல இடது ஓரம் லேசா மங்குதே, லென்ஸ் மாத்திப் பாக்கறேன்" என்றான். மாற்றினான். அப்படியும் மங்கியது. சரி, நடிகரை நடுவில் நிறுத்து என்று டைரக்டர் சொல்லிவிட்டாள். அக்காவின் காதில் அது விழுந்தது, மனசில் ஏறவில்லை.

சாப்பாட்டு வேளையில் தங்கை போன் செய்தாள். சும்மா, சாப்பிட்டாயா என்று கேட்கத்தான்.

"அவரு எங்க, வீட்டுக்கு வந்துட்டாரா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா, ஒரு காலேஜ் விழா எடுக்கப் போயிருக்காரு. நல்ல கேமரா அதுக்கு வேணுமே. அதான் உனக்கு இன்னொண்ணைக் கொண்டு வந்து குடுத்தாரு."

அக்காவுக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. நல்ல கேமராவின் நம்பர்தான் பாலிசியில் இருக்கிறது. இங்கே, மாடிப்படித் திருப்பத்தில், மூன்று கால் ஸ்டாண்டின் மேல், நாலு மணி நேரமாக நின்றுகொண்டிருக்கிற கேமராவுக்குக் காப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாராவது கால் தடுக்கி அது உருண்டால், இரவல் கடிதத்தில் இருக்கிற கையெழுத்து அவளுடையது.

கையைக் கழுவிவிட்டு ஓடினாள். "ஒண்ணாம் நம்பரை இறக்குங்க. தரையில வைங்க. யாரும் தொடாதீங்க."

டைரக்டருக்குக் கோபம் வந்தது. ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும்தான் அந்த ஜன்னலில் வெயில் அவள் நினைக்கிற கோணத்தில் விழும். அதற்காகவே இந்த வீட்டை எடுத்தது. "அக்கா, வெளிச்சம் போயிடும்!"

"கேமரா போச்சுன்னா வெளிச்சத்தை வெச்சு என்ன பண்ணுவே?"

தட்டைக் கழற்றினார்கள். நம்பரைப் படித்தாள். பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். கடைசி நாலு இலக்கமும் வேறு. தெரிந்த விஷயம்தான். படியிலேயே உட்கார்ந்து ஏஜென்ட்டைக் கூப்பிட்டாள்.

"சேர்க்கலாம் மேடம், பிரச்சினை இல்லை" என்றார் ஏஜென்ட். "நம்பர், விலை, எல்லாப் பக்கமும் போட்டோ அனுப்புங்க. பொருள் இப்ப பழுதில்லாம இருக்கு, இதுவரைக்கும் எந்தச் சேதமும் இல்லைன்னு ஒரு வரி எழுதுங்க. சேர்த்த கடிதம் மெயில்ல வந்தப்புறம்தான் காப்பு ஆரம்பம். நான் போன்ல சரின்னு சொன்னதை வெச்சு ஷூட் பண்ணிடாதீங்க."

அவளுக்கு உயிர் வந்தது. அரை மணி நேர வேலை. போனில் அந்த வரியை அடித்தாள்: "மேற்கண்ட கேமரா தற்போது பழுதின்றி உள்ளது." எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்கத் தொடங்கினாள். டேப் ஒட்டியிருந்த மூலை சரியாக விழவில்லை. டேப்பை உரித்தாள்.

அடியில் மூலை நசுங்கியிருந்தது. ஒரு பட்டாணி அளவு. அதிலிருந்து லென்ஸ் மாட்டுகிற வளையம் வரைக்கும் மயிரிழை போல ஒரு விரிசல்.

முதலில் அவளுக்குத் தோன்றியது, நம் ஆள் கீழே போட்டுவிட்டு மறைக்கிறான். கேமராமேனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவன் முகம் சுண்டிப்போனது.

"அக்கா, சத்தியமா நான் எங்கயும் இடிக்கலை. காலைல அவரு மாட்டிக் குடுத்ததுதான்."

"அப்ப இது எப்படி வந்துச்சு? தானா நசுங்கிச்சா?"

அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எட்டு வருஷமாக அவளோடு வேலை செய்கிறவன், ஒரு லென்ஸ் மூடியைக்கூடத் தொலைத்ததில்லை. அதெல்லாம் அந்த நேரத்தில் அவள் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் கண்ணில் தெரிந்ததெல்லாம் நசுங்கின மூலையும் தன் கையெழுத்தும்தான். மெயில் போனில் அப்படியே இருந்தது. அந்த மூலை தெரியாத மாதிரி போட்டோ எடுக்க அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் அப்படி எடுத்த போட்டோக்களை எத்தனை பார்த்திருக்கிறாள்! அனுப்பிவிட்டால், நாளைக்குச் சாயங்காலம், "படியில் உருண்டது" என்று சொன்னால் முடிந்தது. விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. இப்படி ஒரு நினைப்பு தனக்கு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அவமானமாக இருந்தது.

அப்போதுதான் இன்னொரு கையில் இருந்த டேப்பைப் பார்த்தாள். நீளமாக, சுருங்காமல், கிழியாமல் இருந்தது. நசுங்கின இடத்துக்கு நேராக மட்டும் ஒரு பட்டாணிக் குழி. விரலால் நீவி நீவி உள்ளே அழுத்தி ஒட்டினால்தான் அப்படிக் குழி விழும். டேப் ஒட்டிய பிறகு அடிபட்டிருந்தால் துணி பிய்ந்திருக்கும், தேய்ந்திருக்கும். இது அடிபட்ட பிறகு ஒட்டியது. ஒட்டினவர் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

"மன்னிச்சுடுப்பா" என்று கேமராமேனிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

வீட்டுக்கார ஐயா கூடத்து நாற்காலியில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித்தாள் தலைகீழாக இல்லை என்பது ஒன்றுதான் குறை, ஒரு வரிகூட அவர் படித்திருக்க மாட்டார். அக்கா பின்கட்டுக்குப் போய் மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள்.

"மாப்பிள்ளை, கேமரா மூலைல என்ன?"

அந்தப் பக்கம் காலேஜ் மேளச் சத்தத்துக்கு நடுவில், "டேப்பை எடுத்துட்டீங்களா?" என்றார்.

"எடுத்துட்டேன்."

"மூணு மாசம் முன்னாடி ஒரு கல்யாணத்துல விழுந்துடுச்சு அக்கா. என் பாலிசி அதுக்கு முந்தின மாசம்தான் முடிஞ்சிருந்துச்சு, புதுப்பிக்க விட்டுட்டேன். சர்வீஸ்ல சொன்ன தொகையைக் கேட்டா தலை சுத்துது. உங்ககிட்ட பாலிசி இருக்கே, ரெண்டு நாள்ல எங்கயாவது லேசா இடிச்சுதுன்னு வந்தா... யாருக்கு அக்கா நஷ்டம்? கம்பெனிக்குத்தானே."

"நீங்க குடுத்த நம்பர் வேற. விழுந்தாலும் பைசா வந்திருக்காது."

"நம்பர் எழுதிக் குடுத்தப்ப நல்லதைத்தான் தர்றதா இருந்தேன். அப்புறம், நம்பரை யாரு அவ்வளவு பாப்பாங்கன்னு நெனச்சேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. நம்பரை மட்டும்தான் பார்ப்பார்கள். வேறு எதைப் பார்ப்பார்கள்?

"இப்பவும் சேக்கலாமே அக்கா. மெயில்ல ஒரு வரிதானே."

"அந்த ஒரு வரி பொய்னு தெரிஞ்சா முழு பாலிசியும் போயிடும் மாப்பிள்ளை. டாக்டர் கேமராவும் அதுல, இந்தப் பெரியவரு வீடும் அதுல, என் எட்டுப் பேரு கையும் காலும் அதுல. உங்க மூலைக்காக அவங்க எல்லாரையும் நான் தெருவுல நிறுத்தணுமா?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.

கூடத்துக்குத் திரும்பினாள். அடித்து வைத்திருந்த வரியை அழித்தாள். "கேமராவைச் சேர்க்க வேண்டாம், ஏற்கெனவே பழுது உள்ளது, பயன்படுத்தவில்லை" என்று ஏஜென்ட்டுக்கு எழுதினாள். எழுதிய பிறகு "பயன்படுத்தவில்லை" என்பதும் பொய் என்று உறைத்தது. அதை "காலையில் பயன்படுத்தினோம், இப்போது நிறுத்திவிட்டோம்" என்று மாற்றினாள். கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். டைரக்டரிடம், "ரெண்டாம் நம்பர் மட்டும்தான். ஒவ்வொரு ஷாட்டையும் அதாலயே ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ரெண்டு தடவை எடு" என்றாள். டைரக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். மூன்று மணி வெயில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. நேரத்தை வீணாக்காமல் எடுக்கத் தொடங்கினார்கள்.

ஐயா செய்தித்தாளை மடித்தார். "என் பேரு இருக்கிற பேப்பர் இன்னும் செல்லுமில்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"செல்லும் சார்."

"செல்லாம பண்ண உங்களுக்கு வழி இருந்துச்சு போல."

"இருந்துச்சு" என்றாள் அவள். அவர் எழுந்து போய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவள் படிவத்தை நீட்டினாள். காலையில் போட்ட டிக்கை அடித்துவிட்டு, பக்கத்தில், "சரிபார்க்கவில்லை, என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கீழே, கேமரா வரும்போதே மூலையில் நசுங்கலோடு வந்தது என்று ஒரு வரி. அவர் அதைப் படித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். வாய்ச்சொல் அதிகமான மனிதர் வாயைத் திறக்காமல் போனதுதான் அவளை என்னவோ செய்தது.

வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு எடுத்தாள். தங்கை திட்டவில்லை. அதைவிட மோசமாக, அமைதியாகப் பேசினாள்.

"அவரு பண்ணது தப்புதான்க்கா. இப்படி ஒரு திட்டம் வெச்சிருந்தது எனக்கே தெரியாது, இப்பதான் சொன்னாரு. அழுதாரு."

"நான் என்னடி பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். மூணு மாசமா அவரு பாதி வேலையைத் திருப்பி அனுப்பிட்டிருக்காரு. வீட்டுக்கு மூணு தடவை வந்திருப்பே நீ. ஊருல உள்ள ஏணியெல்லாம் சறுக்கினா என்னாகும்னு கேக்கற. எங்ககிட்ட வந்தா மட்டும் ஒண்ணுமே கேக்க மாட்டே. நாங்க தப்பா நெனச்சுக்குவோம்னு பயந்துக்கிட்டு, காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிடுவே."

அக்கா வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் தட்டைக் கழற்றச் சொல்லாத வாய் அது. மரியாதை என்றுதான் அதற்கு அவள் பெயர் வைத்திருந்தாள். உள்ளே ஏறிய கேமராமேன் இறங்கி வந்து, கிளம்பலாமா என்று கையால் கேட்டான். கொஞ்சம் பொறு என்று அவளும் கையாலேயே சொன்னாள். மதியத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"லைன்ல இருக்கியா?" என்று கேட்டாள் தங்கை.

"இருக்கேன்." வீட்டுக்கார ஐயாவின் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த திட்டில் அவள் உட்கார்ந்தாள். "சரி, இப்பக் கேக்கறேன். எங்க விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சு, வீட்டுல எத்தனை நாளா கஷ்டம்? முதல்லேர்ந்து சொல்லு. நான் எங்கயும் போகலை."